தேநீர் ஆறும் நேரம்

பெங்களூருக்கு மாற்றலாகி வந்தபின் நான் கற்றுக்கொண்ட சொற்களுள் ஒன்று ‘பை டூ’. ஒரு குவளைத் தேநீரை இருவருக்குப் பகிர்ந்து தரும்படி கேட்பதற்கு இங்கு வழங்கும் சொல் அது. அவ்வாறு பகிர்ந்த தேநீர், முழுக் குவளைத் தேநீரைவிட விரைவில் ஆறிவிடும். அதன் காரணத்தை ஆராய்ந்தால், ‘ஆற்றுதல்’ என்னும் நம் சொல்லுக்குப் பின்னுள்ள அறிவியலும் விளங்கும்.

தேநீரின் வெப்பம் முதன்மையாக மூன்று வழிகளில் வெளியேறுகிறது. குவளையை ஒட்டிய காற்று சூடாகி மேலெழ, குளிர்ந்த காற்று அவ்விடத்தை நிரப்புவது வெப்பச்சலனம். காற்றின் துணையின்றி வெப்பம் அலைகளாகப் பரவுவது கதிர்வீச்சு. பளபளப்பான எவர்சில்வர் குவளையின் சுவரிலிருந்து அது மிகக் குறைவாகவே வெளிப்படும். மூன்றாவது ஆவியாதல். ஆவியாகும் நீர், தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தேநீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மூடி வைக்காத, மிகச் சூடான தேநீர் குளிர்வதில் இதற்கே பெரும்பங்கு உண்டு. வேறு வழியே இல்லையெனினும், 150 கிராம் தேநீர் 25 டிகிரி குளிர்வதற்கு ஏறத்தாழ 7 கிராம் நீர் ஆவியானால் போதும்!

பகிர்ந்த தேநீரில் வெப்பம் பாதி. ஆனால் அதே அளவுள்ள குவளையில் ஆவி வெளியேறும் வாயோ குறையவில்லை. ஆகவே விரைவில் ஆறுகிறது. ஆற்றும்போது தேநீர் மெல்லிய தாரையாக நீள்வதால், காற்றுப் படும் பரப்பு பெருகுகிறது. மேலே தேங்கிய ஈரக்காற்றும் விலகுகிறது.

ஆற்றாமல் வைத்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? 65 டிகிரிக்கு மேற்பட்ட பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016ஆம் ஆண்டு அறிவித்தது. ஆகவே 60 டிகிரியை நம் இலக்காகக் கொள்வோம்.

அறையின் வெப்பநிலை 25, தேநீரின் வெப்பநிலை 85 டிகிரி என்க. வேறுபாடு 60. ஐந்து நிமிடம் கழித்து வெப்பமானி 79 காட்டினால், வேறுபாடு 54. அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்துள்ளது. ஐந்து நிமிடத்திற்கு 6 டிகிரி வீதம் கணக்கிட்டால் 21 நிமிடம் என வரும். அது பொருந்தாது. நியூட்டனின் குளிர்தல் விதிப்படி, ஒவ்வோர் ஐந்து நிமிடத்திலும் எஞ்சிய வேறுபாட்டில்தான் பத்தில் ஒரு பங்கு குறையும். 54, 48.6, 43.7, 39.4, 35.4 எனக் குறைந்து, 25 நிமிடத்தில் தேநீர் ஏறத்தாழ 60 டிகிரியை அடையும்.

இதுவும் மதிப்பீடே. சூடு தணியத் தணிய ஆவியாதல் மிக விரைவாகக் குறைவதால், உண்மையில் சற்றுக் கூடுதல் நேரம் ஆகலாம். பத்தாம் நிமிடத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். கணக்குப்படி 73.6 டிகிரி இருக்க வேண்டும். அதைவிட மிகுதியாக இருந்தால், புதிய அளவைக் கொண்டு எஞ்சிய நேரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அருஞ்சொற்பொருள்
தாரை – இடைவிடாது ஒழுகும் நீர்
எஞ்சிய – மீதமுள்ள
தணிதல் – குறைதல்