முப்பது சொற்களும் ஓர் ‘உம்’மும்



பத்தியைச் சுருக்கி எழுதும் பயிற்சியில் மாணவர்கள் பெரும்பாலும் சொற்களை எண்ணுவதிலேயே கருத்தாக இருக்கின்றனர். எண்ணிக்கை சரியாக அமைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகின்றனர். சுருங்கிய பத்தியில் எது விடுபட்டது என்று திரும்பிப் பார்ப்பவர் மிகச் சிலரே. தமிழில் இவ்வாறு திரும்பிப் பார்ப்பது கூடுதல் தேவையாகிறது. அதற்கான காரணத்தை ஓர் எடுத்துக்காட்டின்வழி விளக்க விழைகிறேன்.

எங்கள் பள்ளியின் மாத மடலில் பெற்றோருக்கான கட்டம் ஒன்று உண்டு. அதில் 30 சொற்களுக்குத்தான் இடம். டிங்கி பரவிய மாதத்தில், அக்கட்டத்திற்காக நான் எழுதிய கீழ்க்காணும் பத்தியை ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்து, சரியாக 30 சொற்களுக்குச் சுருக்கச் சொன்னேன்.

“டிங்கிக் காய்ச்சல் என்பது ஏடிஸ் கொசுவினால் பரவக்கூடிய ஒரு கொடிய நோய் ஆகும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். டிங்கி என்று ஐயப்படும் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுக்கலாம். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்ற மருந்துகளைக் கொடுத்தல் கூடாது. ஏனெனில் அவை இரத்தக் கசிவை அதிகமாக்கக்கூடும். காய்ச்சல் தணிந்த பின்னும் இரண்டு நாள்களுக்குப் பிள்ளையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடுமையான வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, ஈறுகளில் இரத்தக் கசிவு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.”

இதில் 56 சொற்கள் உள்ளன. இடைவெளிவிட்டு எழுதப்பட்டவை ஒவ்வொன்றையும் ஒரு சொல்லாகக் கொண்டோம். கணினியும் அவ்வாறே எண்ணுகிறது. மூலத்தில் பிரித்து எழுதியதைச் சேர்த்தெழுதி எண்ணிக்கையைக் குறைக்கக்கூடாது என்பதும் விதி. இல்லையேல் ‘காய்ச்சல்தணிந்தபின்னும்’ என்று மூன்றை ஒன்றாக்கிவிடுவர். அவ்வாறே, ‘கடுமையான’ என்பதைக் ‘கடும்’ என்று மாற்றினால் எழுத்துத்தான் குறையும், சொல் குறையாது.

கைவைக்கும் முன்னரே, மடலைப் படிக்கும் ஒரு தாய்க்கு எழக்கூடிய கேள்விகளைத் தனித்தாளில் எழுதச் சொன்னேன். எந்தக் காய்ச்சலுக்கு இந்த அறிவுரை? எந்த மருந்தைக் கொடுக்கலாம்? எவற்றைக் கொடுக்கக்கூடாது? எத்தனை நாள் கவனிக்க வேண்டும்? எந்த அறிகுறி கண்டால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்? ஒன்று போதுமா, எல்லாம் வேண்டுமா? இந்த ஆறு கேள்விகளே பின்னர் நமக்கு அளவுகோல். சுருக்கிய பிறகு கேள்வி தயாரித்தால், மீதமிருக்கும் சொற்களுக்கு ஏற்பவே கேள்வி அமைந்துவிடும்.

இனி வெட்டும் பணி. முதல் வாக்கியம் முழுவதும் நீங்கலாம். நோயுற்ற பிள்ளையைப் பேணுவதற்கான அறிவிப்பில் கொசுவைப் பற்றிய கேள்வி எதுவும் இல்லை. 14 சொற்கள் குறைந்தன. ‘ஏனெனில்’ என்று தொடங்கும் காரணத்தொடரையும் நீக்கலாம். காரணம் தெரியாவிடினும் அறிவுரையைப் பின்பற்ற இயலும். மேலும் 5 சொற்கள் குறைந்தன. தேர்வுத்தாளில் “ஏன் கொடுக்கக்கூடாது?” என்று வினவினால் அதே தொடர் இன்றியமையாதது ஆகிவிடும். எது முதன்மை என்பதைப் பத்தி தனியே முடிவு செய்வதில்லை. படிப்பவரின் தேவையும் சேர்ந்தே முடிவு செய்கிறது. எஞ்சிய வாக்கியங்களில் ‘பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்பது ‘கவனியுங்கள்’ ஆயிற்று. ‘பிள்ளையை’, ‘ஏதேனும்’ போன்றவை நீங்கின.

இந்த இடத்தில்தான் இரு மாணவர்களின் தாள்கள் என் கவனத்தை ஈர்த்தன. ஒருவன் “காய்ச்சல் தணியும்வரை கவனியுங்கள்” என்று எழுதியிருந்தான். ஆறு சொற்களை மூன்றாக்கிவிட்டான். வாக்கியமும் அழகாக இருந்தது. ஆனால், பொருள் தலைகீழாகிவிட்டது. டிங்கியில் காய்ச்சல் தணியும் வேளையிலும் அதை அடுத்த ஓரிரு நாள்களிலுமே ஆபத்து மிகுதி. பிள்ளை தேறிவிட்டது என்று பெற்றோர் நிம்மதி அடையும் நேரம் அது. ‘பின்னும்’ என்பதில் உள்ள ‘உம்’ அந்த எச்சரிக்கையைத் தாங்கி நிற்கிறது.

மற்றொரு மாணவி, ‘ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும்’ என்பதை ‘ஆகியவை தென்பட்டால்’ என்று சுருக்கியிருந்தாள். மிச்சமானது ஒரே ஒரு சொல். ஆனால், மூன்று அறிகுறிகளும் சேர்ந்து வரும்வரை ஒரு தாய் வீட்டிலேயே காத்திருக்கக்கூடும்.

அன்பர்களே, தமிழில் சுருக்குவோர் அறிய வேண்டியது இதுதான். நம் மொழியில் வரம்பும் நிபந்தனையும் பெரும்பாலும் சொல்லின் ஈற்றில் ஒட்டி நிற்கின்றன. ‘உம்’, ‘ஏ’, ‘வரை’, ‘ஆல்’ போன்றவை ஒட்டி வருகையில் எண்ணிக்கையில் இடம் பெறுவதில்லை. அவற்றை வைத்திருப்பதற்குச் செலவு இல்லை. இழந்தால் எண்ணிக்கை அதைக் காட்டிக் கொடுப்பதும் இல்லை. எனவே, சொற்களை எண்ணி முடித்தபின், வினைகளின் ஈறுகளை மட்டும் மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.

பிழைகளைக் களைந்து கரும்பலகையில் எழுதியபோது 27 சொற்களே வந்தன. தொடக்கம் இப்படி இருந்தது: “டிங்கிக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுக்கலாம்; ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் கூடா.” இன்னும் மூன்று சொற்களுக்கு இடம் உண்டு. “‘மிகவும்’, ‘கண்டிப்பாக’ என்று எதையாவது சேர்த்துவிடலாமா, ஐயா?” என்றான் ஒருவன். கேள்வித்தாளைப் பார்க்கச் சொன்னேன். முதல் கேள்விக்கு விடை குறைந்திருந்தது. இரத்தப் பரிசோதனைக்கு முன் அது டிங்கியா என்பது பெற்றோருக்குத் தெரியாது. ஐயம் எழும்போதே அறிவுரை பயன்பட வேண்டும். மூன்றாம் கேள்விக்கும் விடை குறைவே. அவ்வகை மருந்துகள் அந்த இரண்டு மட்டும் அல்ல. ஆகவே ‘என்று ஐயப்படும்’ என்ற இரண்டும் ‘போன்றவை’ என்ற ஒன்றும் திரும்பி வந்தன.

“டிங்கி என்று ஐயப்படும் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுக்கலாம், ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்றவை கூடா. காய்ச்சல் தணிந்த பின்னும் இரண்டு நாள்களுக்குக் கவனியுங்கள். கடுமையான வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, ஈறுகளில் இரத்தக் கசிவு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.”

எண்ணிப் பாருங்கள், சரியாக 30.

இறுதிச் சோதனை ஒன்று உண்டு. எழுதியவரின் மனத்தில் மூலம் இருப்பதால், தாளில் இல்லாததையும் அவர் சேர்த்துப் படித்துவிடுவார். ஆதலால் மூலத்தைக் காணாத ஒருவர் வேண்டும். அடுத்த வகுப்பின் கணித ஆசிரியையிடம் சுருக்கத்தை மட்டும் கொடுத்து, மாணவர்கள் ஆறு கேள்விகளையும் கேட்டனர். ஆறுக்கும் தயக்கமின்றி விடை வந்தது. அதன் பிறகே மடலுக்கு அனுப்பினோம்.

வீட்டில் பிள்ளைக்குச் சுருக்கப் பயிற்சி தரும் பெற்றோரும் இந்தக் கடைசிப் பணியை ஏற்கலாம். மூலத்தைப் படிக்காதீர்கள். பிள்ளை எழுதிய கேள்விகளை வாங்கி, சுருக்கத்தை மட்டும் பார்த்து விடை கூறுங்கள். நீங்கள் தடுமாறும் இடத்தில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது.