சாமி கும்பிட்டும் மனசு சோர்ந்து போகுதே, ஏன்?

போன வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு நம்ம ஆலய மண்டபத்தில் மனப்பதற்றம், மனச்சோர்வு பற்றி நடந்த சொற்பொழிவைச் சுருக்கமாக எழுதித் தரச் சொல்லி நிறைய பேர் கேட்டாங்க. தொண்டர்கள் நாங்கள் குறிப்பெடுத்து வைத்ததை இங்கே பகிர்கிறோம்.

பேச்சாளர் எடுத்துக்கொண்டது பகவத் கீதையின் முதல் அத்தியாயம். அதன் பெயரே அர்ஜுன விஷாத யோகம். விஷாதம் என்றால் மனம் ஒடிந்துபோன நிலை. இரண்டு சேனைக்கும் நடுவில் தேரில் நிற்கும் அர்ஜுனன் தன் உடம்பில் நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். கைகால் தளருது, வாய் உலருது, உடம்பு நடுங்குது, தோல் எரியுது, காண்டீபம் கையிலிருந்து நழுவுது, நிற்க முடியல, மனசு சுழலுது. பதற்றம் வந்தவர்கள் டாக்டரிடம் போய்ச் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தானே!

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. அர்ஜுனன் கடவுளை மறந்தவன் இல்லை. கண்ணபிரான் அதே தேரில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். நாலாவது அத்தியாயத்தில் அவரே அவனைத் தன் பக்தன், தன் நண்பன் என்று சொல்கிறார். அப்படிப்பட்டவனுக்கே அந்த நிலை வந்தது. அதனால் பக்தி குறைந்தால்தான் மனசு உடையும் என்று நாம் யாரையும் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்து நடந்ததைப் பலரும் கவனிப்பதில்லை. இரண்டாவது அத்தியாயத் தொடக்கத்தில் கண்ணன் முதலில் கண்டிக்கத்தான் செய்கிறார். இந்தக் கோழைத்தனம் உனக்குத் தகாது, எழுந்திரு என்கிறார். அர்ஜுனன் எழுந்தானா? இல்லை. இந்தத் துக்கத்தைப் போக்க வழி தெரியல, என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு மௌனமாகிவிடுகிறான். கண்டிப்பு வேலை செய்யல. அதற்குப் பிறகுதான் கண்ணன் பொறுமையாகப் பேச ஆரம்பிக்கிறார். அந்தப் பேச்சு 18-ஆம் அத்தியாயம் வரை போகிறது. நடுவில் அர்ஜுனன் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கிறான், அவர் பதில் சொல்கிறார். கடைசியில்கூட, நல்லா யோசிச்சு உன் விருப்பப்படி செய் என்றுதான் விடுகிறார்.

வீட்டில் ஒருத்தர் சோர்ந்து கிடக்கும்போது, “கோயிலுக்கு ஒழுங்கா வந்தா இதெல்லாம் வருமா?” என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். கீதையில் அதற்கு அப்புறம்தான் உதவியே தொடங்குகிறது.

அர்ஜுனனுக்கு வந்ததை டாக்டர் சொல்லும் நோயோடு அப்படியே ஒன்றாக்கக் கூடாது என்பதையும் பேச்சாளர் தெளிவாகச் சொன்னார். அவனுக்குக் கண்ணெதிரே ஒரு காரணம் இருந்தது. மனச்சோர்வு நோய் காரணமே தெரியாமலும் வரும். பேசினால் மட்டும் தீராமலும் போகும்.

பேர் எழுதாத ஒரு துண்டுச் சீட்டில் ஒருவர் கேட்டிருந்தார்: “தீபாராதனை பார்க்கிறப்போ முன்ன மாதிரி எனக்கு ஒண்ணுமே தோணல. சாமி என்னை விட்டுட்டாரா?”

பேச்சாளர் சொன்ன பதில்: “காய்ச்சல் வந்தா சர்க்கரைப் பொங்கலும் கசக்கும். பொங்கலில் குறை இல்லை, சாப்பிடுறவங்க மேலயும் குறை இல்லை. பிடித்த எதிலும் ருசி இல்லாமல் போவது இந்த நோயின் முக்கியமான அடையாளம். பாட்டு, சமையல், பேரப்பிள்ளை மாதிரி சாமி கும்பிடுவதும் அதில் மாட்டிக்கொள்ளும். நோய் குறைய குறைய அது திரும்பி வரும்.”

இப்படி ஒரு நாள் இரண்டு நாள் இருந்தால் கவலை இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள் மனம் கனத்தோ எதிலும் நாட்டம் இல்லாமலோ இருந்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உள்ள அரசாங்க கிளினிக்கே போதும். தேவைப்பட்டால் அங்கிருந்து மனநல மருத்துவருக்குக் கடிதம் தருவார்கள்.

மாத்திரை கொடுத்தால் ஒரு விஷயம். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். மூணு நாளில் ஒன்றும் தெரியல என்று நிறுத்திவிடாதீர்கள். தைப்பூச விரதத்துக்காகவும் நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். விரதம் இருக்க ஆசைப்பட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். தண்ணீரோடு மாத்திரை சாப்பிடுவதால் விரதம் கெடாது என்று நம்ம குருக்களும் அங்கேயே சொன்னார்.

உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் காத்திருக்காதீர்கள். பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். அவசரம் என்றால் 999.

கோயிலுக்கு வர முடியாத நாளில் வராமல் இருங்கள், அதில் தப்பில்லை. யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று தோன்றினால் தொண்டர்கள் எங்களிடம் சொல்லுங்கள். பிரசாதம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருகிறோம். ஏன் வரலன்னு கேட்க மாட்டோம்.