மணல் மேட்டுக்கு அடியில்

டி.ஓ. கட்டைக் கூட்டிப் பார்த்தால் 285 லோரி மணல். லோரிக்கு 10 கன மீட்டர் என்று பேச்சு. ஆக 2,850 கன மீட்டர். ஜெலுத்தோங் கடலோரப் பக்கம் கட்டுமானப் பொருள் வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர் அந்தக் கட்டை என் மேசைமேல் வைத்தார். "தம்பி, கண்ணால பார்த்தாலே குறையுதுன்னு தெரியுது. நீங்க டிரோன் விட்டு அளந்து ஒரு தாள் கொடுங்க. மத்தத நான் அவன்கிட்ட பேசிக்கிறேன்" என்றார். 'அவன்' என்பது செபராங் பிறையிலிருந்து பத்து வருடமாக அவருக்கு மணல் அனுப்பும் கூட்டாளி. நான் கொடுக்கப்போகும் ஒரே ஓர் எண் அந்தப் பத்து வருடப் பழக்கத்தை முடித்துவைக்கக் கூடும்.

எங்கள் தொழிலில் நடப்பதை விளக்க இந்த மேட்டைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. எளிமைக்காக எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன்.

மேடு கூரை வடிவம். 50 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், முகட்டில் ஏறக்குறைய 6 மீட்டர் உயரம். மூன்று மாதமாகச் சேர்த்தது, இன்னும் விற்பனைக்கு எடுக்காதது. முன்பெல்லாம் இப்படி ஒரு மேட்டை அளக்க, அளவுகோலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முழங்கால் புதைய ஏறுவார். முப்பது நாற்பது இடத்தில் உயரம் எடுத்து, நடுவில் உள்ளதை ஊகித்துக்கொள்வோம். இப்போது டிரோன் 60 மீட்டர் உயரத்தில் வரிவரியாகப் பறந்து படம் எடுக்கிறது. அந்த உயரத்தில் என் கேமராவின் ஒரு படப்புள்ளி தரையில் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அடுத்தடுத்த படங்கள் 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். ஒரே கூழாங்கல் பல படங்களில் பல கோணங்களில் விழும்போதுதான் கணினியால் அதன் உயரத்தைக் கணக்கிட முடியும். நம் இரண்டு கண்கள் தூரத்தைக் கணிப்பதைப் போலத்தான். இப்படி லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு உயரம் கிடைத்ததும், மேட்டின்மேல் ஒரு மெல்லிய துணியைப் போர்த்தியது போன்ற உருவம் கணினியில் எழும். அதுதான் மேற்பரப்பு மாதிரி.

பறப்பதற்கு முன்னால் தாள் வேலை உண்டு. தீவில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம், எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியும், வரைபட வேலை என்பதால் ஜூபெம் எனப்படும் நில அளவைத் துறையின் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். அதில் சென்ற நாட்களைப் பற்றிப் பேசினால் கட்டுரை நீண்டுவிடும்.

அந்த மெல்லிய துணி எவ்வளவு சரியாகப் போர்த்தியிருக்கிறது என்பதை நானே சோதிக்க வேண்டும். மேட்டைச் சுற்றிலும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகைகளை வைத்து, அவற்றின் உயரத்தைச் செயற்கைக்கோள் கருவியால் தனியாக அளந்தேன். சிலவற்றைக் கணினிக்குக் கொடுத்தேன், மூன்றை மறைத்து வைத்துக்கொண்டேன். மறைத்தவற்றில் ஒன்று மேட்டின் முகட்டில் இருந்தது. இதற்குக் காரணம் உண்டு. நேர் கீழே பார்த்து எடுத்த படங்களை மட்டும் வைத்துக் கட்டினால், ஓரங்கள் சரியாக இருக்க நடுப்பகுதி மட்டும் கவிழ்த்த தட்டு மாதிரி உப்பிவிடுவதுண்டு. ஓரத்துப் பலகைகள் அதைக் காட்டிக்கொடுக்காது, நடுவில் வைத்த பலகைதான் காட்டும். அதனால் கேமராவைச் சாய்த்து வைத்தும் ஒரு சுற்று பறந்தேன். மூன்று பலகைகளிலும் வித்தியாசம் 3 சென்டிமீட்டருக்குள் நின்றது. மேட்டின் அடிப்பரப்பு 1,000 சதுர மீட்டர். அதன்மேல் 3 சென்டிமீட்டர் என்றால் 30 கன மீட்டர், அதாவது மூன்று லோரி. பரவாயில்லை.

ஆனால் இதுவரை அளந்தது மேல்துணி மட்டும். கன அளவு என்பது மேலே உள்ள பரப்புக்கும் கீழே உள்ள பரப்புக்கும் இடைப்பட்டது. கீழே உள்ளதை எந்த டிரோனும் பார்த்ததில்லை, மணல் மறைத்துக்கொண்டிருக்கிறது. மென்பொருள் நம்மிடம் கேட்கும்: அடித்தளத்தை எப்படி வைக்கட்டும்? பலர் யோசிக்காமல் ஒரு பொத்தானை அழுத்திவிடுவது இங்கேதான்.

அண்ணனின் முற்றம் மழைநீர் வடிவதற்காகக் கடல் பக்கம் சரிந்திருக்கிறது. 50 மீட்டரில் அரை மீட்டர் இறக்கம். நடந்துபோனால் காலுக்குத் தெரியாது. இப்போது அடித்தளத்தை மட்டமான பலகையாக, மேட்டின் அடிவிளிம்பில் மிகத் தாழ்வான புள்ளியில் வைக்கிறோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கடல் பக்கம் சரியாகத் தரையைத் தொடும். பின்பக்கம் அரை மீட்டர் மண்ணுக்குள் போய்விடும். சராசரியாகக் கால் மீட்டர் தரையையும் மணலாக எண்ணியிருப்போம். கால் மீட்டரை 1,000 சதுர மீட்டரால் பெருக்கினால் 250 கன மீட்டர். மிக உயரமான புள்ளியில் பலகையை வைத்தால் அதே அளவு மணல் கணக்கிலிருந்து காணாமல் போகும். அடிவிளிம்பைச் சுற்றி வரிசையாகப் புள்ளிகள் வைத்து, அவற்றை இணைத்துச் சரிவான தளம் போட்டால்தான் உண்மைக்கு அருகில் வருவோம். மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். தாழ்ந்த பலகைக்கு 2,850. உயர்ந்த பலகைக்கு 2,350. சரிவான தளத்துக்கு 2,600.

முதல் எண்ணைப் பாருங்கள். டி.ஓ. கட்டில் இருந்த அதே 2,850! அந்தப் பொத்தானை மட்டும் அழுத்தியிருந்தால் எல்லாம் சரி என்று தாள் கொடுத்து, பணத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். தற்செயலாகப் பொருந்தும் எண்ணைப்போல ஆபத்தானது எங்கள் வேலையில் இல்லை.

அடிவிளிம்பை வரைவதிலும் கை சுத்தம் வேண்டும். மேட்டின் பின்பக்கம் லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. டிரோன் புல்லின் நுனியைத்தான் தரை என்று நினைக்கும். விளிம்புப் புள்ளிகள் புல்லின்மேல் விழுந்தால் அந்தப் பக்கம் அடித்தளமே உயர்ந்து, மணல் குறையும். புல்லைக் கூட்டினால் மணலும் கூடும் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். விளிம்பில் அது தலைகீழ். பறப்பதற்கு முந்தைய நாள் புல்லை வெட்டச் சொன்னேன். மேட்டின்மேல் நின்ற லோடரையும் இறக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் அதுவும் மணலாகிவிடும்.

இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. ஜெலுத்தோங் கடலோரத்தில் கொட்டி நிரப்பிய நிலம் நிறைய. ஆறு மீட்டர் மணலின் பாரத்தில் தரை அமிழ்ந்திருந்தால், அந்தக் குழியில் நிறைந்த மணல் என் கணக்குக்கு வெளியே நிற்கும். சராசரியாக 10 சென்டிமீட்டர் அமிழ்ந்தாலே 100 கன மீட்டர். 2023இல் தீவின் தெற்கே சிலிக்கான் தீவுக்காகத் தொடங்கிய கடல் நிரப்பும் வேலை போன்றவற்றில் இது பெரிய தலைவலி. கடலடிச் சேறு அழுந்த அழுந்த மணல் கீழே போய்க்கொண்டிருக்கும், மேற்பரப்பை மட்டும் அளந்து கொட்டிய மணலைச் சொல்ல முடியாது. நல்லவேளையாக, எங்கள் மேட்டின் ஒரு முனையை லோடர் சுரண்டி மேட்டின்மேலேயே ஏற்றியிருந்தது. மணல் படுத்திருந்த தரை அங்கே வெளியே தெரிந்தது. கருவியை வைத்துப் பார்த்தேன். நான் போட்ட சரிவுத் தளத்தைவிட 4 சென்டிமீட்டர் தாழ்வு. முனையில் பாரம் குறைவு, நடுவில் இன்னும் கொஞ்சம் அதிகமாக இருக்கலாம். ஆகவே 2,600 என்று எழுதி, பிழை 70 கன மீட்டர் வரை இருக்கலாம், அது கூடுதல் பக்கம் சாயவே வாய்ப்பு அதிகம் என்று அடுத்த வரியில் சேர்த்தேன்.

"அப்போ 250 குறையுது. நான் சொன்னேன்ல?" என்றார் அண்ணன். கன மீட்டருக்கு 50 வெள்ளி என்று வைத்தாலும் 12,500 வெள்ளி. கோபப்படாமல் இருக்க முடியாத தொகைதான்.

"அண்ணே, லோரியில இருக்கிற கன மீட்டரும் மேட்டுல இருக்கிற கன மீட்டரும் ஒண்ணு இல்ல" என்றேன்.

ஈர மணல் விசித்திரமான பொருள். கொஞ்சம் ஈரம் இருந்தால் மணல்துகள்களைச் சுற்றி நீர்ப்படலம் ஒட்டி, ஒன்றையொன்று நெருங்க விடாது. அதனால் காய்ந்த மணலைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். கட்டடத் தொழிலாளர்களுக்கு இது தெரியும். சிமெண்டுக்குப் பெட்டிக் கணக்கில் மணல் போடும்போது ஈரத்துக்கு என்று கூடக் கொஞ்சம் அள்ளுவார்கள். உப்பிய அந்த மணல் லோரியில் 10 கன மீட்டரை நிறைக்கிறது. பிறகு முற்றத்தில் மூன்று மாத மழை அதன்மேல் விழுகிறது. லோடர் ஏறி இறங்குகிறது. மேல்மணல் அடிமணலை அழுத்துகிறது. ஒரு துகள்கூட வெளியே போகாமல் கன அளவு சுருங்கிவிடும்.

உண்மையைச் சொல்லக் கூடியது எடைதான். ஒவ்வொரு டி.ஓ.விலும் எடைமேடைச் சீட்டு பின் செய்யப்பட்டிருந்தது, யாரும் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. லோரிக்குச் சராசரி 14.3 டன். மொத்தம் 4,075 டன் சொச்சம். லோடர் வெட்டிய முகத்தில் வெவ்வேறு உயரங்களில் அளவு தெரிந்த இரும்பு வளையத்தை அடித்து இறக்கி, உள்ளே நின்ற மணலை எடை போட்டோம். சராசரியில் கன மீட்டருக்கு 1.57 டன். அதை 2,600ஆல் பெருக்கினால் 4,082 டன்.

இவ்வளவு நெருக்கமாக வந்ததில் பாதி அதிர்ஷ்டம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மணல் வந்த நாளில் எவ்வளவு ஈரம் என்று சீட்டில் இல்லை. நாங்கள் எடுத்த மணலிலும் தண்ணீர் இருந்தது. அடித்தளப் பிழையும் சேர்ந்தால், 100 டன் இப்படியோ அப்படியோ போயிருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் அண்ணன் சந்தேகப்பட்டது 25 லோரி, அதாவது 350 டன்னுக்கு மேல். அவ்வளவு பெரிய ஓட்டை இந்தக் கணக்கில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

அவர் சீட்டுகளை மறுபடி ஒருமுறை புரட்டினார். கால்குலேட்டரில் தானே கூட்டினார். பிறகு செபராங் பிறைக்கு போன் போட்டு, அடுத்த மாதத்திலிருந்து லோரிக் கணக்கு வேண்டாம், டன் கணக்கில் போடலாமா என்று கேட்டார். 12,500 வெள்ளி பற்றிப் பேச்சே எழவில்லை. மேடு காலியானதும், புது மணல் வருவதற்கு முன் வெறும் முற்றத்தை ஒருமுறை பறந்து அளந்து தரும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த மேட்டுக்கு அடித்தளத்தை ஊகிக்க வேண்டியிருக்காது. அமிழ்வை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.