பதினோராவது ஆள்

வெள்ளவத்தையில் இரண்டு நாள் கணக்குப்பதிவு வகுப்பொன்று வைக்கிறோம். கட்டணம் 7,500 ரூபாய். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கச்சி, "ஏன் அண்ணா இவ்வளவு?" என்று கேட்டா. நியாயமான கேள்வி.

வளவாளருக்கு 40,000, மண்டபத்துக்கு 24,000. எத்தனை பேர் வந்தாலும் இந்த 64,000 மாறாது. அடுத்த வகுப்புக்கு முற்பணம் கட்ட 20,000 மிஞ்ச வேண்டும். ஆக 84,000. மண்டபத்தில் 20 பேர் இருக்கலாம். ஆனால் நான் 14ஆல்தான் பிரித்தேன். தலைக்கு 6,000. கையேடு, தேநீர், மதியச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 1,500.

20ஆல் பிரித்திருந்தால் கட்டணம் 5,700தான். கேட்க நல்லாயிருக்கும். ஆனால் 14 பேரே வந்தால் சாப்பாட்டுச் செலவு போக 58,800தான் கையில் நிற்கும். மண்டபக் காசிலேயே 5,200 துண்டு விழும்.

7,500 என்றால் 11 பேர் வந்தாலே கைக்காசு போகாது. "வாறன்" என்றவர்களை நான் எண்ணுவதில்லை, காசு கட்டியவர்களை மட்டுந்தான். கழிவு கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: ஆயிரம் குறைத்தால் சாப்பாட்டுச் செலவு குறையாது, அந்த ஆறாயிரத்தில்தான் கை வைக்க வேண்டும். எல்லோருக்கும் குறைத்தால் 13 பேர் தேவை.

புதன் மாலைக்குள் 11 பேர் கட்டாவிட்டால் திகதியைத் தள்ளிப்போடுவோம்.