செய்தியின் கடைசிச் சொல்லில் ஒரு அரைநாள் கூலி

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை எட்டரைக்கு எங்கள் பாடசாலை வாசலில் ஏழெட்டுத் தாய்மார் வந்து நின்றார்கள். தரம் 6 பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள். கூட்டம் அன்று இல்லை, மறுநாளுக்கு மாற்றியிருந்தோம். அதை முதல் நாள் காலையிலேயே பாடசாலை வானொலியில் வாசித்தும் இருந்தோம்.

நெல் ஆலையில் வேலை செய்யும் ஒரு உம்மா அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். "மகன் எட்டரை எண்டுதான் வந்து சொன்னான் டீச்சர். நியூஸில அப்பிடித்தானாம் சொன்னது" என்றார். மகன் கவனிக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு, வாசித்த தாளை எடுத்துப் பார்த்தோம்.

"நாளை புதன்கிழமை காலை 8.30 மணிக்கு எமது பிரதான மண்டபத்தில் நடைபெறவிருந்த தரம் 6 மாணவர்களின் பெற்றோருக்கான கூட்டம், தவிர்க்க முடியாத காரணத்தினால் வியாழக்கிழமை பிற்பகல் 2.00 மணிக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது என்பதை அறியத்தருகின்றோம்."

எழுதியது நாங்கள்தான். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. தாளில் கண்ணால் வாசிப்பவருக்கு விளங்கும், விளங்காவிட்டால் திரும்பவும் வாசிக்கலாம். காதுக்கு அந்த வசதி இல்லை. தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. கூட்டம் நடக்குமா, நடக்காதா என்பது "ஒத்திவைக்கப்பட்டுள்ளது" என்ற சொல் வரும்வரை தெரியாது. அதற்குள் பிள்ளை நாளை, புதன், எட்டரை என்று மூன்றையும் பிடித்துக்கொண்டான். "நடைபெறவிருந்த" என்பதற்கும் "நடைபெறவிருக்கும்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒலிபெருக்கியின் இரைச்சலில் கேட்டிருக்காது. அவன் வீட்டுக்குக் கொண்டுபோனது முதலில் கேட்ட நேரத்தைத்தான்.

அன்று பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே செய்தியை இப்படி மாற்றி எழுதினோம்:

தரம் ஆறு பிள்ளைகளுக்கு ஒரு செய்தி.
உங்கள் பெற்றோர் கூட்டம் நாளை இல்லை.
வியாழக்கிழமைக்கு மாற்றியிருக்கிறோம்.
நேரம், பிற்பகல் இரண்டு மணி.
இடம், பிரதான மண்டபம்.
மீண்டும் சொல்கிறோம்.
வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி.

முதல் வரியில் முக்கியமான விபரம் எதையும் வைக்கவில்லை. அந்த நேரம் வகுப்பில் கதிரை இழுபடும், கதை நடக்கும். அந்த வரியின் வேலை உரியவர்களைக் கூப்பிடுவது மட்டும்தான். "இல்லை" என்ற சொல்லுக்கு முன்னால் நாலே சொற்கள், அதனால் பிள்ளை அதிகம் காத்திருக்கத் தேவையில்லை. பழைய நேரமான எட்டரையை முற்றாக நீக்கிவிட்டோம். சொல்லாத நேரத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நாளையும் நேரத்தையும் மட்டும் இரண்டு தடவை வைத்தோம். பள்ளிவாசலில் ஜனாஸா அறிவித்தலைத் திரும்பச் சொல்வதும் இதற்காகத்தானே.

எண்களை எழுத்தில் எழுதினோம். 2.00 என்று இருந்தால் வாசிக்கும் பிள்ளை ஒரு கணம் தடுமாறும். ஒரு வரி ஒரு மூச்சு. ஒரு செய்தி ஒரே தாளில் முடியவேண்டும், பாதியில் தாள் புரட்டினால் குரல் அறுந்துவிடும். வாசிக்கும்போது பிழைத்தால் சிரிக்காமல் "மன்னிக்கவும்" என்று சொல்லி, அந்த வரியை முழுதாகத் திரும்ப வாசிக்கவேண்டும்.

இதிலும் ஒரு பிழை விட்டோம். அடுத்த வாரம் ஒரு மாணவி எல்லாவற்றையும் இரண்டு மூன்று சொல்லுக்கு வெட்டிவிட்டாள். "மழை பெய்கிறது. மைதானம் ஈரம். விளையாட்டுப் பயிற்சி இல்லை." கேட்க தந்தி மாதிரி இருந்தது. எது எதனால் என்று பிள்ளைகளே ஊகிக்க வேண்டியிருந்தது. "மைதானம் ஈரமாக இருக்கிறது. அதனால் இன்று விளையாட்டுப் பயிற்சி இல்லை" என்று மாற்றினோம். வரி குட்டையாகலாம், "அதனால்" போகக்கூடாது.

இப்போது ஒவ்வொரு நாளும் ஒரு சின்னச் சோதனை வைக்கிறோம். ஒலிவாங்கிக்குப் போகமுன் கீழ் வகுப்புப் பிள்ளை ஒன்றைத் தாள் தெரியாதபடி திருப்பி உட்காரவைத்து, ஒரு தடவை வாசித்துக் காட்டுகிறோம். யாருக்கு, எப்போது, எங்கே என்று கேட்கிறோம். ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் திருத்துவது எங்கள் வரியைத்தான், பிள்ளையை அல்ல.

எங்களுக்கு அறிவித்தல் அனுப்பும் ஊர்ச் சங்கத்தினரிடம் ஒரு வேண்டுகோள். நாள், நேரம், இடம் மூன்றையும் தனித்தனி வரியில் எழுதித் தாருங்கள். மாற்றம் என்றால் "இல்லை" என்பதை முதலில் எழுதுங்கள். இன்னொரு உம்மாவின் அரைநாள் கூலி அந்தக் கடைசிச் சொல்லில் போய்விடக்கூடாது.