பிடிபடாத ஸ்கேல்

30 சென்டிமீட்டர் ஸ்கேலின் மேல்நுனியை ஒருவர் பிடித்துத் தொங்கவிடுவார். கீழே, பூஜ்யக் கோட்டுக்கு நேராக, இன்னொருவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் விரித்து வைத்துக் காத்திருப்பார். விட்டதும் பிடிக்க வேண்டும். கட்டைவிரல் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. இயற்பியல் ஆசிரியனாகப் பல வகுப்புகளுக்கு இதைச் செய்து காட்டியிருக்கிறேன். ஆனால், இந்தச் சோதனையில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை ஒரு மாணவியின் நோட்டுப் புத்தகம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

கணக்கு எளிது. ஸ்கேல் விழுந்த தூரம் d, புவியீர்ப்பு முடுக்கம் g என்றால், நேரம் t = √(2d/g). 10 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.143 விநாடி, 20 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.202 விநாடி. தூரம் இரட்டிப்பானாலும் நேரம் இரட்டிப்பாவதில்லை, ஏனென்றால் ஸ்கேல் போகப்போக வேகமெடுக்கிறது. 30 சென்டிமீட்டர் முழுவதும் விரலிடுக்கைக் கடந்துபோக 0.247 விநாடி போதும். ஆக, கால் விநாடிக்கு மேல் தாமதிக்கிற எவரையும் இந்த ஸ்கேலால் அளக்கவே முடியாது.

அந்த மாணவி வயதுக்கும் எதிர்வினை நேரத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்துகொண்டிருந்தாள். வீட்டில் தன்னையும் பாட்டியையும் ஆளுக்கு ஏழு முறை அளந்திருந்தாள். அவளுடைய அளவுகள்: 18, 16, 19, 17, 21, 18, 20. பாட்டியின் வரிசையில் 22, 25, 20, 27 என நான்கு எண்கள்தான் இருந்தன. மூன்று கட்டங்கள் காலி.

“சார், இந்த மூணு தடவையும் பாட்டி கையில மாட்டாமக் கீழ விழுந்திருச்சு. விழுந்ததை எப்படி எழுதுறது?” என்று கேட்டாள்.

விழுந்ததை விட்டுவிட்டு மீண்டும் செய்யச் சொல்வதுதான் வழக்கம். நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே இன்னொன்று கேட்டாள்: “விட்டுட்டா பாட்டி நல்லாப் பிடிச்ச மாதிரி ஆயிடாதா சார்?”

ஆகிவிடும். தேர்ச்சி பெற்றவர்களின் மதிப்பெண்ணை மட்டும் கூட்டி வகுப்புச் சராசரி போடுவதைப் போன்றது அது. பிடித்த நான்கை மட்டும் எடுத்தால் பாட்டியின் சராசரி 23.5 சென்டிமீட்டர், அதாவது 0.219 விநாடி. பேத்தியின் சராசரி 18.4 சென்டிமீட்டர், 0.194 விநாடி. இருவருக்கும் இடையே 0.025 விநாடிதான் வித்தியாசம்.

இருவருமாக உட்கார்ந்து வேறு வழியில் பார்த்தோம். விழுந்த மூன்றுக்கும் சரியான எண் தெரியாவிட்டாலும், அவை 30-க்கு மேல் என்பது நிச்சயம். எனவே ஏழையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, விழுந்தவற்றைக் கடைசியில் வைத்தோம்: 20, 22, 25, 27, பிறகு மூன்று பிடிபடாதவை. நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 27 சென்டிமீட்டர், 0.235 விநாடி. பேத்தியின் இடைநிலை 18, அதாவது 0.192 விநாடி. இப்போது வித்தியாசம் 0.043 விநாடி. பாதிக்கு மேல் விழுந்துவிட்டால் இந்த வழியும் உதவாது. அப்போது ஆய்வகத்து மீட்டர் ஸ்கேலை எடுக்க வேண்டும். அது முழுவதும் கடந்துபோக 0.45 விநாடி ஆகும்.

இந்த வித்தியாசம் முழுவதையும் மூளையின் வேகம் என்று எழுதிவிட வேண்டாம் என்றும் அவளிடம் சொன்னேன். கண் பார்த்து மூளை கட்டளையிட்ட பிறகு விரல்கள் மூட வேண்டும். மூட்டு இறுகிய விரல்களுக்கு அந்த மூடுகிற நேரமே அதிகம். ஸ்கேல் இரண்டையும் சேர்த்துத்தான் அளக்கிறது.

அந்தக் காலிக் கட்டங்கள் என் மனதைவிட்டுப் போகவில்லை. விடைத்தாள் திருத்தும் காலங்களில் நான் மூன்று, நான்கு மணி நேரம்தான் தூங்குவேன், அது எனக்குப் போதும் என்று எல்லோரிடமும் சொல்லுவேன். அதைச் சோதித்துப் பார்க்க நினைத்து, என் மகளிடம் ஸ்கேலைக் கொடுத்தேன். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் கிடைத்தவை: 19, 18, 20, 17, 21, 19, 18. மூன்று, நான்கு மணி நேரமே தூங்கி எழுந்த ஒரு காலையில், அதே நேரத்தில், காபிக்கு முன்: 18, 20, பிடிபடவில்லை, 19, 17, பிடிபடவில்லை, 20.

பிடித்தவற்றின் சராசரி இரண்டு நாளும் ஏறக்குறைய ஒன்றே, 18.9-உம் 18.8-உம். இடைநிலைகூட 19-இலிருந்து 20-க்குத்தான் நகர்ந்தது. பாட்டியின் அளவுகள் எல்லாமே பின்னால் தள்ளியிருந்தன. என் அளவுகளில் நல்லவை நல்லவையாகவே இருக்க, இடையிடையே ஏதோ அறுந்துபோயிருந்தது. ஏழில் இரண்டு தற்செயலாகவும் நடக்கலாம் என்று வேறு காலைகளிலும் பார்த்தேன். தூக்கம் குறைந்த நாட்களில் மட்டும் அது திரும்பத் திரும்ப வந்தது.

தூக்க ஆய்வாளர்கள் இதை நன்றாக அறிவார்கள். டேவிட் டிங்கஸும் ஜான் பவலும் 1985-இல் வெளியிட்ட விழிப்புச் சோதனையில், ஒருவர் 10 நிமிடம் திரையைப் பார்த்திருந்து, ஒழுங்கில்லாத இடைவெளிகளில் குறி தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அரை விநாடிக்கு மேல் தாமதமானவை தனியாக எண்ணப்படும். தூக்கமின்மை முதலில் வெளிப்படுவது அந்த எண்ணிக்கையில்தான். ஏழு முறை ஸ்கேல் பிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. அவ்வளவு நேரம் மனதை இழுத்துப் பிடித்து உட்காரத் தூக்கக் கலக்கத்திலும் முடியும். ஆகவே ஸ்கேலைத் தவறாமல் பிடித்துவிட்டதால் ஒருவர் போதுமான அளவு தூங்கியிருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது.

பயிற்சியால் வேகம் கூடுமா என்று பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் அளவுகள் போகப்போகக் குறைந்து ஒருநாள் 4 சென்டிமீட்டரைத் தொட்டன. அது 0.09 விநாடி. ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பின் 0.1 விநாடிக்குள் கிளம்பினாலே முன்கூட்டிய ஓட்டம் என்று கொள்கிறார்கள். நான் ஸ்கேலைப் பார்க்கவில்லை, மகளின் விரல் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். “ரெடியாப்பா?” என்று கேட்டுச் சரியாக ஒரு நொடியில் விடுவதும் அவள் வழக்கம். அதன்பின் கேட்காமல், 2 முதல் 5 விநாடிக்குள் நினைத்த நேரத்தில் விடச் சொன்னேன். விடும் கையை ஓர் அட்டையால் மறைத்தோம். என் முன்னேற்றத்தில் பெரும்பகுதி காணாமல் போனது. விடுகிறவரை மாற்றிப் பார்த்தாலும் இது தெரிந்துவிடும்.

இப்போது என் மாணவர்களின் அட்டவணையில் ‘பிடிபடவில்லை’ என்று ஒரு பத்தி கட்டாயம் உண்டு. தூக்கத்தை ஆராய்கிறவர்களை அந்தப் பத்தியை முதலில் கூட்டச் சொல்கிறேன். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் பைக் அரை விநாடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால், என் சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஐந்தரை மீட்டர் திரும்பி வராது. அதனால் திருத்தும் வேலையில் விழித்திருந்த இரவுகளுக்கு மறுநாள் நான் பைக்கை எடுப்பதில்லை, பேருந்தில்தான் பள்ளிக்குப் போகிறேன்.