அம்புக்குறிக்கு முந்தைய துரத்தல்

துரத்தல் காட்சிக்கு ஸ்டோரிபோர்டு வரைபவர்கள் முதலில் கற்கும் பாடம் திசை. ஓடுபவர் இடமிருந்து வலம் போனால் துரத்துபவரும் அப்படியே போக வேண்டும். இந்தப் பாடத்தின் வேரைத் தேடிப் பழைய படங்களுக்குள் போனால், துரத்தல் இருக்கிறது, ஆனால் இந்த விதிக்குத் தேவை இருக்கவில்லை. 1904-இல் அமெரிக்காவின் பயோகிராஃப் நிறுவனம் எடுத்த ‘பெர்சனல்’ படத்தில், மணமகள் தேவை என்று விளம்பரம் கொடுத்த பிரெஞ்சுக்காரரைப் பெண்கள் கூட்டமாகத் துரத்துகிறார்கள். ஒவ்வொரு ஷாட்டிலும் முதலில் அவர் ஓடி வருகிறார், பின்னால் பெண்கள் வருகிறார்கள். அவர்களும் ஃபிரேமைக் கடக்கும்வரை கேமரா காத்திருக்கிறது. இடைவெளி எவ்வளவு என்று பார்வையாளர் கண்ணாலேயே அளந்துவிடுகிறார். ஓடுபவரையும் துரத்துபவரையும் தனித்தனி ஷாட்டாகப் பிரிக்கும்போதுதான் அந்த அளவு மறைந்து போகிறது. அதை ஈடுகட்டவே திசை தேவைப்படுகிறது.

இடத்தைப் புரியவைக்கும் வழி அடுத்த ஆண்டுப் படமொன்றில் கிடைக்கிறது. இங்கிலாந்தில் செசில் ஹெப்வொர்த் தயாரித்த ‘ரெஸ்க்யூட் பை ரோவர்’ (1905) படத்தில், திருடப்பட்ட குழந்தையைத் தேடி நாய் தெருவையும் ஆற்றையும் கடந்து ஓடுகிறது. பிறகு அதே வழியில் திரும்புகிறது, மறுபடி தந்தையை அழைத்துக்கொண்டு போகிறது. அதே இடங்கள் மீண்டும் மீண்டும் வருவதால், மூன்றாம் முறை ஆறு தெரிந்ததுமே குழந்தை இன்னும் எவ்வளவு தொலைவில் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஸ்டோரிபோர்டில் இதை இப்படிப் பயன்படுத்தலாம். துரத்தல் சந்தை வாசலில் தொடங்கி மணிக்கூண்டு வழியாகப் பாலத்துக்குப் போகிறது என்றால், மூன்று இடங்களையும் மேலிருந்து பார்ப்பதுபோல் முதலில் ஒரு தாளில் வரைந்துகொள்ள வேண்டும். முதல் கட்டத்தில் வாசலில் இருவரும் தெரிகிறார்கள். அடுத்த இரண்டில் தனித்தனியே, இருவரும் வலப்பக்கமாக ஓடுகிறார்கள். மணிக்கூண்டில் கேமரா நிற்கிறது. ஓடுபவர் கடந்து ஐந்து விநாடி கழித்தே துரத்துபவர் வருகிறார். அங்கே வழி திரும்பினால், அந்தத் திருப்பத்தை ஒரே ஷாட்டில் காட்ட வேண்டும். பாலத்தில் இடைவெளி இரண்டு விநாடி. வேகமான வெட்டுகளைவிட இந்த ஐந்தும் இரண்டும்தான் பதற்றத்தை ஏற்றுகின்றன. இருவரும் ஒருமுறைகூட ஒரே ஃபிரேமில் வராவிட்டால், எத்தனை அம்புக்குறி போட்டாலும் துரத்தல் அதே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும்.

ஜான் ஃபோர்டின் ‘ஸ்டேஜ்கோச்’ (1939) துரத்தலில் வண்டி ஒரு ஷாட்டில் ஒரு பக்கமும் இன்னொன்றில் எதிர்ப்பக்கமும் போகிறதே, விதியே வேண்டாமா என்று கேட்கலாம். அங்கே திறந்த வெளியில் ஒரே ஒரு வண்டி. அதைத் துரத்தும் குதிரை வீரர்களை யாரும் வண்டியோடு குழப்பிக்கொள்ள முடியாது, இருதரப்பும் அடிக்கடி ஒன்றாகவும் தெரிகின்றன. ஒரே மாதிரி இரண்டு கார்கள் சந்துகளில் ஓடினால் இந்தச் சலுகை கிடைக்காது. பார்வையாளரும் குழம்பினால்தானே பதற்றம் என்பதும் ஒரு வாதம். ஓடுபவர் வழி தெரியாமல் தவிக்கலாம். ஆனால் அவர் முட்டுச்சந்துக்குள் நுழைவதை நாம் அறிந்தால்தான் பயப்பட முடியும். வரைந்த கட்டங்களை மட்டும் ஒருவரிடம் கொடுத்து, அந்த வழியைத் தாளில் வரையச் சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால், திருத்த வேண்டியது அம்புக்குறியை அல்ல, இடத்தை.